செவிக்கு எழுதுதல்

நுழையும்முன்

எழுதிய கட்டுரையை உரக்கப் படித்தால் மட்டும் அது பேச்சாகிவிடுவதில்லை. கண் திரும்பிப் பார்க்கும்; செவியால் அது இயலாது. கண்ணுக்காக எழுதிய ஒரு கட்டுரையைச் செவிக்கு உரிய காணொளி உரையாக மாற்றும்போது மொழியில் எவையெவை மாறுகின்றன, எவை மாறக்கூடாது என்பதைப் புதுச்சேரி வரலாற்றின் ஒரு நிகழ்வைக்கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஒரு தொடரும் அதன் சுமையும்

பின்வரும் தொடரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

"இந்தியா 1947இல் விடுதலை பெற்ற பின்னரும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்துவந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதற்காக, வில்லியனூர்ப் பகுதியில் உள்ள கீழூரில் 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர்."

இதில் பிழை ஏதும் இல்லை. செய்தியும் சரியானது, இலக்கணமும் சரியானது. புதுச்சேரி நகரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் பள்ளியின் ஆண்டு மலருக்காக எழுதிய கட்டுரையின் முதல் தொடர் இது. கட்டுரை முழுவதும் ஏறத்தாழ 900 சொற்கள். நவம்பர் 1ஆம் நாள் நடைபெறும் புதுச்சேரி விடுதலை நாள் விழாவில் மூன்று நிமிடக் காணொளி ஒன்றைத் திரையிடப் பள்ளி முடிவு செய்தது. அக்கட்டுரையையே காணொளியாக்கும் பொறுப்பு அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் கட்டுரையைக் கைப்பேசியில் படித்துப் பதிவு செய்தாள். பதிவைக் கேட்ட தோழியரால் ஊரின் பெயரைக்கூடத் திருப்பிச் சொல்ல இயலவில்லை.

குறை அவளது உச்சரிப்பில் இல்லை; தொடரின் அமைப்பில் இருந்தது. 36 சொற்கள் கொண்ட இத்தொடரில் வினைமுற்று ஒன்றே ஒன்றுதான். அதுவும் கடைசிச் சொல். தமிழில் பயனிலை பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். பெற்ற, இருந்துவந்த, உள்ள, கூடிய எனப் பெயரெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் எச்சமும் கேட்பவரிடம், 'செய்தி இன்னும் முடியவில்லை, காத்திரு' என்று கூறுகிறது. படிப்பவருக்கு இதனால் இடர் இல்லை. ஐயம் எழுந்தால் அவரது கண் தொடரின் தொடக்கத்திற்கு ஒரு நொடியில் திரும்பிவிடும். கேட்பவரோ விடுதலை, பிரெஞ்சு ஆட்சி, ஊர், நாள், எண்கள் ஆகிய அனைத்தையும் 'வாக்களித்தனர்' என்னும் சொல் வரும்வரை நினைவில் தாங்கியிருக்க வேண்டும். அச்சொல் வந்து சேரும்போது முதலில் கேட்டவை நழுவியிருக்கும்.

எச்சம் முற்றாகுக

எனவே, எழுத்தைப் பேச்சாக்குவதில் முதல் பணி எச்சங்களை இனங்கண்டு அவற்றை முற்றுகளாக்குவது. அம்மாணவி பென்சிலால் ஒவ்வோர் எச்சத்தின்கீழும் கோடிட்டாள். கோடிட்ட ஒவ்வோர் இடமும் ஒரு புதிய தொடர் தொடங்கத்தக்க இடம். 'விடுதலை பெற்ற பின்னரும்' என்பது 'விடுதலை பெற்றது. ஆனால்' என்றாயிற்று. 'கீழூரில் கூடிய பிரதிநிதிகள்' என்பது 'கீழூரில் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்கள் பிரதிநிதிகள்' என்றாயிற்று.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். தொடரை வெட்டும்போது அத்தொடருக்குள் மறைந்திருந்த உறவும் அறுபடுகிறது. 'பின்னரும்' என்னும் சொல்லில் இருந்த உம், எதிர்பார்த்தது நிகழவில்லை என்பதை உணர்த்தியது. அது நீங்கியபின், 'ஆனால்' என்னும் இணைப்புச் சொல் அவ்வேலையைச் செய்தாக வேண்டும். இணைப்புச் சொற்கள் இன்றிக் குறுந்தொடர்களை மட்டும் அடுக்கினால் உரை தந்திச் செய்தி போல் ஒலிக்கும். ஒன்றற்கு ஒன்று காரணமா, விளைவா என்பது விளங்காது. எல்லாத் தொடர்களும் நான்கு சொற்களிலேயே முடிந்தாலும் செவி சலிப்படையும். மூன்று குறுந்தொடர்களுக்குப்பின் எட்டு அல்லது ஒன்பது சொற்கள் கொண்ட தொடர் ஒன்று வருவதே இயல்பான பேச்சின் நடை.

எந்தத் தமிழ்?

அடுத்து எழுந்தது மொழிநடை பற்றிய வினா. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெவ்வேறானவை. செய்தி வாசிப்பவர் எழுத்து வழக்கிலேயே படிக்கிறார். கேட்பவரும் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால், ஒருவர் திரையில் முகம் காட்டி நேருக்குநேர் பேசும்போது 'கூடினர்', 'வாக்களித்தனர்' என்று சொன்னால் அவர் பேசுவதாகத் தோன்றுவதில்லை, ஒப்பிப்பதாகவே தோன்றும்.

பலர் உரையை எழுத்துத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, பதிவின்போது வாயால் பேச்சுத் தமிழாக்கிக்கொள்ளலாம் எனக் கருதுகின்றனர். அவ்வாறு செய்யும்போது ஒரு தொடர் 'நடந்துச்சு' என்று முடியும். அடுத்தது 'கூடினர்' என்று முடியும். இக்கலப்பே கேட்பவரை உறுத்துகிறது. ஆகவே, வாய் சொல்லப்போகும் வடிவத்திலேயே தாளிலும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்றும், 'அவர்கள்' என்பதை 'அவங்க' என்றும் எழுதக் கை முதலில் தயங்கும். அஃது உரைக்கான எழுத்து என்பதை நினைவிற்கொண்டால் தயக்கம் நீங்கும். பேச்சுத் தமிழை எழுத்தில் வடிப்பது புதுச்சேரிக்குப் புதிதன்று. துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் அக்காலத்துப் பேச்சு வழக்கு நிறைந்திருக்கிறது.

எந்தப் பேச்சு வழக்கு என்பதையும் முடிவு செய்ய வேண்டும். ஒரு தெருவுக்கு மட்டும் உரிய சொற்கள் பிற ஊரார்க்குப் புரியாமல் போகலாம். விழாவிற்குக் காரைக்காலிலிருந்தும் மாணவர் வருவர் என்பதால் அம்மாணவி பல ஊர்களிலும் புரியும் பொதுப்பேச்சைத் தேர்ந்துகொண்டாள். 'பிரதிநிதி' போன்ற சொல்லை அவள் மாற்றவில்லை. நிகழ்வின் உண்மை தங்கியிருக்கும் சொற்களை எளிமைக்காக இழக்கலாகாது.

செவிக்குப் புலப்படாதவை

தாளில் தெளிவாகத் தோன்றும் சில, ஒலியில் மறைந்துபோகின்றன. அடைப்புக்குறி ஒலிப்பதில்லை. 'மேலே குறிப்பிட்ட' என்று சொன்னால் செவிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இவ்வகையில் மிகுந்த இடர் தருவது 'முறையே' என்னும் சொல். அவளது கட்டுரையில், "காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை முறையே தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றை ஒட்டி அமைந்துள்ளன" என்றொரு தொடர் இருந்தது. படிப்பவர் இரு வரிசைகளையும் கண்ணால் பொருத்திக்கொள்வார். கேட்பவரோ இரண்டாம் வரிசை தொடங்கும்போதே முதல் வரிசையை மறந்திருப்பார். எனவே, அஃது இவ்வாறு மாறியது: "காரைக்கால், தமிழ்நாட்டை ஒட்டி இருக்கு. மாகே, கேரளாவை ஒட்டி இருக்கு. ஏனாம் இருக்கறது ஆந்திராப் பக்கம்." இரண்டு முறை வரும் 'ஒட்டி இருக்கு' தாளில் கூறியது கூறலாகத் தோன்றும். செவிக்கு அது பிடிமானம்.

எண்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. '178 பேருள் 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு' என்பது தாளில் தெளிவானது. அதனை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: நூற்று எழுபத்தெட்டு, நூற்று எழுபது, எட்டு. முதல் இரண்டு எண்களும் ஒன்றுபோல் தொடங்குகின்றன; முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் ஒன்றுபோல் முடிகின்றன. மூன்றையும் நெருக்கிச் சொன்னால் எது மொத்தம், எது ஆதரவு என்பது குழம்பிவிடும். அவள் செய்த தீர்வு எளியது. மொத்த எண்ணை முதலில் சொன்னாள். இடையில் வேறு நான்கு தொடர்களை வைத்தாள். பின்னர் எதிர்த்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, "மத்த எல்லாரும்" என்று முடித்தாள். 170 என்னும் எண்ணைத் திரை காட்டியது.

ஆண்டும் அவ்வாறே. 1954 என்பது தாளில் நான்கு இலக்கங்கள். வாயில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு' என நீள்கிறது. ஒரே பத்தியில் இரண்டு ஆண்டுகளை முழுமையாகச் சொன்னால் உரையின் ஓட்டம் நின்றுவிடும். ஓர் ஆண்டை முழுமையாகச் சொல்லி, அடுத்ததை 'ஏழு வருஷம் கழிச்சு' என்று அதனோடு இணைத்தாள். சரியான நாள் திரையில் எழுத்தாகத் தோன்றும். ஆயினும், திரையைப் பார்க்காமல் கேட்பவருக்கும் கதை விளங்க வேண்டும். உரைக்கு இன்றியமையாத எதையும் திரையிடம் மட்டும் ஒப்படைத்தல் கூடாது.

சுருக்கமும் உண்மையும்

குறுந்தொடர்களாக மாற்றிய முதல் வரைவை அம்மாணவி தன் பாட்டியிடம் படித்துக் காட்டினாள். அவர் வில்லியனூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1954இல் சிறுமியாக இருந்தவர். இப்போது பார்வை மங்கிப்போனதால் எதையும் படிக்க இயலாதவர். வரைவில், "கீழூர்ல புதுச்சேரி மக்கள் ஓட்டுப் போட்டாங்க" என்றொரு தொடர் இருந்தது. ஐந்தே சொற்கள், ஓசையும் இனிது.

"எங்க அப்பா ஓட்டுப் போடலியே கண்ணு. பெரிய மனுசங்க போயிட்டு வந்தாங்கன்னுதான் சொல்லுவாரு" என்றார் பாட்டி.

"ஊர்ல எல்லாரும் போடலியா ஆயா?"

"யாரு போட்டாங்கன்னு நீதானே எழுதியிருக்க? உன் புத்தகத்துல என்னா இருக்குன்னு பாரு."

அவள் தன் கட்டுரையைப் பார்த்தாள். அதில் சரியாகவே இருந்தது. கீழூரில் வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த சட்டமன்ற, நகராட்சி மன்ற உறுப்பினர்கள். தொடரைச் சுருக்கியபோது 'பிரதிநிதிகள்' என்னும் சொல் உதிர்ந்துவிட்டது. அதனோடு வரலாறும் மாறிவிட்டது. அந்தக் காணொளி அப்படியே திரையிடப்பட்டிருந்தால், அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் தாம் போடாத வாக்கைப் போட்டதாகக் கேட்டிருப்பர். இளையோர் அதனையே உண்மையென நம்பியிருப்பர்.

எழுத்தில் பெயரெச்சங்களும் அடைமொழிகளும் சுமையாக இருப்பது உண்மை. ஆனால், ஒரு கூற்றின் எல்லையை வரையறுப்பவையும் பெரும்பாலும் அவையே. யார், எவ்வளவு, எந்த வகையில் என்பன அவற்றில்தான் தங்கியுள்ளன. ஆகவே, ஓர் அடையை நீக்குமுன், 'இது நீங்கினால் தொடர் பொய்யாகுமா?' என்று கேட்க வேண்டும். ஆகும் எனில், அந்த அடையை நீக்காமல் தனித்தொடராக்க வேண்டும்.

இதனால் திருத்திய பத்தி பின்வருமாறு அமைந்தது. ஒற்றைச் சாய்கோடு சிறு நிறுத்தத்தையும், இரட்டைச் சாய்கோடு மூச்சு வாங்கும் நிறுத்தத்தையும் குறிக்கும்.

"இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி ஏழுல. / ஆனா அன்னைக்குப் புதுச்சேரிக்கு வரல. // இங்கயும் காரைக்கால்லயும் பிரெஞ்சுக்காரங்க ஆட்சிதான் நடந்துச்சு. // ஏழு வருஷம் கழிச்சு, வில்லியனூர்ப் பக்கம் கீழூர்ல ஒரு கூட்டம் நடந்துச்சு. / (திரையில்: 18.10.1954) வந்தவங்க / நூத்தி எழுபத்தெட்டுப் பேர். // ஊர் மக்கள் எல்லாரும் இல்ல. / மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிங்க. // அவங்க முன்னால இருந்த கேள்வி ஒண்ணுதான். / இந்தியாவோட சேரலாமா, வேண்டாமா? // வேண்டாம்னு சொன்னவங்க எட்டுப் பேர். / மத்த எல்லாரும், சேரலாம்னு ஓட்டுப் போட்டாங்க. // (திரையில்: ஆதரவு 170, எதிர்ப்பு 8)"

'ஊர் மக்கள் எல்லாரும் இல்ல' என்னும் தொடர் மூலக்கட்டுரையில் இல்லை. கேட்பவர் மனத்தில் எழக்கூடிய தவறான எண்ணத்தை முன்கூட்டியே விலக்குவதற்காக அது சேர்ந்தது.

மூச்சும் நேரமும்

ஒரு தொடராக இருந்தது பதினொரு தொடர்களாயிற்று. 36 சொற்கள் 53 சொற்களாயின. தொடர்களைக் குறுக்கினால் உரை முழுவதும் குறுகும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது நீள்கிறது. எச்சத்தில் அடங்கிய வினை தனித்தொடராகும்போது அதற்கு ஓர் எழுவாயும் ஓர் இணைப்புச் சொல்லும் தேவைப்படுகின்றன.

எனவே, காலக்கணக்கு இன்றியமையாததாகிறது. தமிழில் பல சொற்கள் உருபுகள் சேர்ந்து நீண்டிருப்பதால், ஆங்கில உரைகளுக்குச் சொல்லப்படும் சொற்கணக்கை இங்குப் பயன்படுத்துதல் பொருந்தாது. அவரவர் வேகத்தை அவரவரே அளந்துகொள்ள வேண்டும். அம்மாணவி தான் எழுதிய உரையிலிருந்து 100 சொற்களை, நிறுத்தக் குறிகளைப் பின்பற்றிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்தாள். 60 நொடிகள் ஆயின. அவ்வாறாயின் மூன்று நிமிடங்களுக்கு 300 சொற்கள். ஆனால், எழுத்தின் 36 சொற்கள் உரையில் 53 ஆகின்றன. ஆகவே, 300 சொற்களில் அடங்குவது கட்டுரையின் ஏறத்தாழ 200 சொற்களின் செய்தி மட்டுமே. 900 சொற்கள் கொண்ட கட்டுரையில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் விட்டுவிட வேண்டும்.

அவள் வேகமாகப் படித்து நேரத்தை மிச்சப்படுத்த முயலவில்லை. வேகம் கூடினால் முதலில் மறைவது நிறுத்தங்களே. கேட்பவர் பொருளை வாங்கிக்கொள்வது அந்த நிறுத்தங்களில்தான். மாறாக, கட்டுரையில் இருந்த பழைய பிரெஞ்சு ஆளுநர்களின் வரலாற்றையும், மாகேவும் ஏனாமும் அதே ஆண்டில் சில திங்கள் முன்பே பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து விலகிய செய்தியையும், 1956ஆம் ஆண்டின் உடன்படிக்கையையும் விட்டுவிட்டாள். காணொளிக்கு ஒரே வினாவை வைத்துக்கொண்டாள்: கீழூரில் என்ன நடந்தது, அதன்பின் என்ன ஆயிற்று?

நிறுத்தங்களை இடும் இடத்திலும் ஒரு முறை உண்டு. புதிய பெயருக்கும் பெரிய எண்ணுக்கும் முன்னர் ஒரு சிறு நிறுத்தம் வேண்டும். கேட்பவர் செவியைக் கூர்மையாக்கிக்கொள்ள அஃது உதவும். வினா ஒன்றை எழுப்பியபின் நீண்ட நிறுத்தம் வேண்டும். விடையைக் கேட்பவர் தாமே எண்ணிப்பார்க்க அஃது இடம் தரும். படிக்கும்போது ஒரே தொடரில் இருமுறை மூச்சு வாங்க நேர்ந்தால், அத்தொடர் இன்னும் நீளமானது என்று அறியலாம். ஒரே இடத்தில் மூன்று முறை நாக்குத் தடுமாறினால், திருத்த வேண்டியது நாக்கை அன்று, அவ்விடத்துச் சொல்லை.

விடக்கூடாத வேறுபாடு

இறுதிப் பத்தி அவளை நெடுநேரம் நிறுத்திவைத்தது. கீழூர் வாக்கெடுப்பையடுத்து 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனால், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் நிறைவுற்றது. 'நவம்பர் 1, புதுச்சேரி இந்தியாவோட இணைஞ்சுது' என்று ஒரே தொடரில் முடித்துவிட்டால் உரை எடுப்பாக முடியும். எட்டு நொடிகளும் மிச்சமாகும். அப்படிச் செய்தால், ஆகஸ்ட் 16ஆம் நாள் கீழூர் நினைவிடத்தில் ஏன் விழா எடுக்கிறார்கள் என்பதற்குக் கேட்பவரிடம் விடை இராது. அவள் எழுதியது இது:

"ரெண்டு வாரத்துல, நவம்பர் ஒண்ணாந் தேதி, நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. // அதைத்தான் நாம இன்னைக்குக் கொண்டாடுறோம். // ஆனா சட்டப்படி எல்லாம் முடியறதுக்கு / இன்னும் ஏறக்குறைய எட்டு வருஷம் ஆச்சு. // (திரையில்: 16.08.1962)"

பதிவுக்கு முன் உரையை அறியாத தோழி ஒருத்தியைத் திரும்பி உட்காரச் செய்து, திரையின்றிக் குரலை மட்டும் கேட்கவைத்தாள். கேட்டு முடித்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். தோழி கீழூர் என்றாள், பிரதிநிதிகள் என்றாள், எட்டுப் பேர் வேண்டாம் என்றதைச் சொன்னாள், இரண்டு வாரம், பிறகு எட்டு ஆண்டு என்றாள். நாட்களை மட்டும் அவளால் சொல்ல இயலவில்லை. அது குறையன்று. நாட்களைத் தாங்குவது திரையின் வேலை; அவற்றை முழுமையாகத் தருவது ஆண்டு மலரில் உள்ள கட்டுரையின் வேலை. காணொளியின் கடைசிச் சட்டகத்தில் அக்கட்டுரையின் தலைப்பும் பக்க எண்ணும் எழுத்தாக இடம்பெற்றன.